கூடத்தின் கூரையில் சென்ட்ரிங் சரிந்தது குறித்துக் கட்டட உரிமையாளருக்கு அறிக்கை

மதிப்பிற்குரிய ஐயா,

கோத்தகிரியில் கட்டப்பட்டுவரும் தங்கள் வீட்டின் கூரைக்கு நவம்பர் 12 அன்று கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தபோது, பள்ளத்தை ஒட்டிய கூடத்தின் மேல் சென்ட்ரிங்கின் ஒரு பகுதி சரிந்தது. அன்று தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னதை இப்போது விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைப் பற்றி. மேலே கலவை பரப்பிக்கொண்டிருந்த கொத்தனார் ஒருவருக்குக் கணுக்காலில் எலும்பு விரிசல் கண்டுள்ளது. அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தாள் ஒருவருக்குக் கையில் சிராய்ப்பு. கீழே கண்காணித்துக்கொண்டிருந்த சென்ட்ரிங் ஆள், ஷீட்டுகளின் இணைப்பு ஒன்றிலிருந்து சிமென்ட் பால் திடீரெனக் கோடாக வழிவதையும், அதன் கீழே முட்டுக்கொடுத்திருந்த ஜாக்கி ஒரு விரற்கடை இறங்குவதையும் கண்டு சத்தம் போட்டுக்கொண்டே வெளியே ஓடிவந்ததால் கீழே யாரும் சிக்கவில்லை.

பகல் சுமார் 11.40 மணிக்கு, மூன்றில் இரண்டு பங்கு வேலை முடிந்திருந்த நிலையில் இது நடந்தது. சுமார் 3.5 மீட்டருக்கு 3 மீட்டர் அளவில் ஷீட்டும் கம்பியும் கலவையும் ஒன்றாகக் கீழே வந்துவிட்டன.

சிமென்ட் சரியில்லையா, கம்பி குறைவா என்று தாங்கள் கேட்டீர்கள். இரண்டுமே காரணமல்ல. போட்டு சில மணி நேரமே ஆன கான்கிரீட்டுக்குத் தன்னைத் தாங்கும் வலு கிடையாது. அதன் முழு எடையும் சென்ட்ரிங் மீதும், சென்ட்ரிங்கின் எடை மண் மீதும்தான் நிற்கும். அந்த மண்தான் கைவிட்டது. சரிவில் வீடு கட்டுவதற்காக மலைப் பக்கம் வெட்டியெடுத்த மண்ணைப் பள்ளப் பக்கம் கொட்டி நிரப்பினோம் என்பது தங்களுக்குத் தெரியும். வெட்டிய பக்கத்தில் நின்ற ஜாக்கிகள் அசையவே இல்லை. நிரப்பிய பக்கத்தில், முந்தைய மாலை நான் பார்த்தபோது எல்லா ஜாக்கிகளும் நீளப் பலகைமேல்தான் நின்றன. இரவு மழையில் பலகை இறங்கி மட்டம் குறைந்ததைச் சரிக்கட்ட, காலையில் ஒப்பந்ததாரரின் ஆட்கள் பலகையை உருவிவிட்டுச் செங்கல் துண்டுகளை அடியில் கொடுத்திருக்கிறார்கள். இடிபாட்டை அகற்றியபோது, அந்தத் துண்டுகள் சேற்றில் முழுவதும் புதைந்து, மேல் விளிம்பு மட்டும் தெரியக் கிடந்தன.

125 மில்லிமீட்டர் தடிப்புள்ள கூரை ஒரு சதுர மீட்டருக்கு 310 கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ளது. ஜாக்கிகள் 90 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்பதால் ஒவ்வொன்றின் பங்கும் சுமார் 250 கிலோ. ஆனால் லிஃப்டிலிருந்து இறங்கிய கலவையை உடனுக்குடன் பரப்பாமல் ஓரிடத்தில் முழங்காலுக்கு மேல் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலுக்குக் கீழே நின்ற ஜாக்கிகளுக்கு அதைப்போல் நான்கு மடங்கு சுமை வந்திருக்கும். அதை ஒரு செங்கல் அகலத்தில், ஊறிய மண்ணில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. தள்ளுவண்டி போக வழி வேண்டி இரண்டு குறுக்குக் கட்டைகள் காலையில் கழற்றப்பட்டதும் சரிவு பரவக் காரணமாயிற்று. யார் சொல்லிக் கழற்றினார்கள் என்பதில் இருவேறு பேச்சு இருப்பதால் அதைப் பற்றி முடிவாக எழுத விரும்பவில்லை.

மலைப் பக்கத்துக் கூரையை இடிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் சரிவின்போது கம்பிகள் இழுபட்டதால் உடைந்த விளிம்பை ஒட்டிய கான்கிரீட்டை நம்ப முடியாது. அன்று மாலையே, இறுகுவதற்குள், அங்கிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி நேர்கோட்டில் வெட்டி எடுத்துவிட்டோம். வளைந்த கம்பிகளை நிமிர்த்திப் பயன்படுத்தாமல் புதிதாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன். ஒப்பந்ததாரர் நிமிர்த்தினால் போதும் என்கிறார்; அதற்கு நான் ஒப்பவில்லை. மீதிக் கூரையை 28 நாள் கழித்துச் சுத்தியல் சோதனை செய்து பார்க்கலாம்.

மறுபடி போடுமுன் கூடத்தின் நிரப்பு மண்ணை நீர் வடியவிட்டு இடித்து இறுக்கி, 75 மில்லிமீட்டர் சாதாக் கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் ஜாக்கி நிறுத்த வேண்டும். இந்தத் தளம் பின்னால் தரை வேலைக்கும் உதவுமாதலால் அதன் செலவு வீண் போகாது. கூடத்தின் அகலம் 5 மீட்டருக்கு மேல் இருப்பதால் விதிப்படி 14 நாள் ஜாக்கி நிற்க வேண்டும். இங்குள்ள குளிரில் கான்கிரீட் மெதுவாகவே வலுப்பெறும் என்பதால் 21 நாள் விடுவோம்.

கம்பி, கலவை, ஷீட் இழப்பையும் காயமுற்றவர்களின் மருத்துவச் செலவையும் சென்ட்ரிங் ஒப்பந்ததாரர் ஏற்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் உள்ளது. தளத்துக்கான செலவு மட்டும் தங்களுடையது. அதற்குத் தங்கள் சம்மதத்தை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால், மழை விட்டதும் தள வேலையைத் தொடங்கிவிடலாம். அதுவரை கூடத்தின் அடியில் யாரும் போகாதபடி கயிறு கட்டியிருக்கிறோம். தாங்கள் பார்க்க வருவதாக இருந்தால் என்னிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தளப் பொறியாளர்
கோத்தகிரி
நவம்பர் 14