BIL-412 வரி அறிக்கை: இந்த ஸ்பிரிண்ட்டிலிருந்து எடுத்துவிடக் கேட்டு

4 செப்டம்பர் 2025, வியாழன்

வித்யா மேடம், வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். BIL-412, அதாவது சிலாப் வாரியான விற்பனை அறிக்கை, இந்த ஸ்பிரிண்ட்டில் வேண்டாம், எடுத்துவிடுங்கள். பாதி வேலை முடிந்திருக்கிறது என்பது தெரிந்துதான் கேட்கிறேன். தள்ளிப்போடுவது என்றால் அப்படியே அடுத்த ஸ்பிரிண்ட்டுக்கு நகர்த்துவது என்று அர்த்தமில்லை, இப்போது எழுதியிருக்கிற வடிவத்தில் அதைக் கைவிட்டு, பேக்லாக்கில் வேறு மாதிரி எழுதி வைக்கலாம் என்கிறேன். காலியாகும் இடத்தில் ஒரு அவசர வேலை உள்ளே வரவேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

நேற்று ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் 56-வது கூட்டம் முடிந்து வந்த அறிவிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 12, 28 இரண்டு சிலாப்பும் போகின்றன, பெரும்பாலான பொருள்கள் 5-க்கோ 18-க்கோ வருகின்றன, சிலவற்றுக்கு 40 என்று புதிதாக ஒன்று. செப்டம்பர் 22 முதல் அமல். நம்முடைய அறிக்கையில் 5, 12, 18, 28 என்று நான்கு கட்டம், அதுவும் திரையிலும் 80 மில்லிமீட்டர் பேப்பரிலும் இடம் அளந்து போட்டது. வெளியே போன பத்தே நாளில் அது பழசாகிவிடும்.

"சரி, கட்டத்தை மாற்றினால் போச்சு, அதற்கு ஏன் வேலையையே நிறுத்தணும்" என்று கேட்பீர்கள். அது மட்டும் என்றால் நானும் கேட்டிருக்க மாட்டேன், காலையிலேயே மாற்றிவிட்டு உங்களுக்கு ஒரு வரி மெசேஜ் போட்டிருப்பேன். சிக்கல் அதற்கு அடியில் இருக்கிறது. அறிக்கை கணக்கெடுக்கும் இடத்தைப் பாருங்கள், சுருக்கித் தருகிறேன்:

```sql
SELECT i.gst_rate, SUM(b.amount)
FROM bill_lines b
JOIN items i ON i.id = b.item_id
GROUP BY i.gst_rate;
```

சதவீதம் பொருள் மாஸ்டரிலிருந்து வருகிறது. பில்லின் ஒவ்வொரு வரியிலும் பொருள், அளவு, தொகை இருக்கின்றன, ஆனால் அன்றைக்கு எத்தனை சதவீதம் போட்டோம் என்பது இல்லை. நம் டேபிள் ஆரம்ப காலத்திலிருந்தே இப்படித்தான், வரி விகிதம் எப்போதாவது ஒன்றிரண்டு பொருளுக்கு மாறும்போது யாருக்கும் உறுத்தவில்லை. இப்போது ஒரு கடையின் பாதி சரக்கு ஒரே ராத்திரியில் மாறப்போகிறது.

ஒரு டூத்பேஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். விலை 118 ரூபாய், வரி சேர்த்து. செப்டம்பர் 10-ஆம் தேதி விற்றால் மதிப்பு 100, வரி 18. கடைக்காரர் 22-ஆம் தேதி காலையில் மாஸ்டரில் 18-ஐ 5 என்று மாற்றுகிறார், அது அவர் செய்யவேண்டியதுதான், சரியாகத்தான் செய்கிறார். மாதக் கடைசியில் நம் அறிக்கையைத் திறந்தால், 10-ஆம் தேதி விற்ற அதே டூத்பேஸ்ட் 5 சதவீதக் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும், மதிப்பு 112.38, வரி 5.62 என்று. வாடிக்கையாளரிடம் வாங்கியது 18 ரூபாய், பில்லிலும் 18 என்றுதான் அச்சாகியிருக்கிறது. ஷாம்பு, தலைக்கு எண்ணெய், குளியல் சோப்பு, நெய், வெண்ணெய், மிக்ஸர், பாத்திரம் என்று குறைந்த எல்லாவற்றுக்கும் இதே கதை. அக்டோபர் 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1 போடவேண்டிய ஆடிட்டர் இந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அறிக்கையே இல்லாவிட்டால் பில்லை வைத்து எப்படியோ கூட்டிக்கொள்வார். தப்பான அறிக்கை கொடுத்தால் அதை நம்பித் தாக்கல் செய்துவிடுவார்.

இதனால்தான் சொல்கிறேன், நான்கு கட்டத்தை ஐந்தாக்குவது, பெயரை மாற்றுவது எதுவும் உதவாது. பில் வரியிலேயே சதவீதத்தை எழுதிவைக்கும் வரைக்கும் இந்த அறிக்கையை எப்படி அலங்கரித்தாலும் தப்பாகத்தான் வரும்.

பழைய சிலாப்புகளை அழித்துவிட்டும் போகமுடியாது, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது "12, 28 பட்டனைத் தூக்கிடுங்க" என்று கிளம்புவார்கள். 20-ஆம் தேதி வாங்கிய பொருளை 24-ஆம் தேதி திருப்பிக் கொடுத்தால் கிரெடிட் நோட் பழைய விகிதத்தில்தான் போடவேண்டும். சிகரெட், பீடி, புகையிலைக்கு இப்போதைக்குப் பழைய விகிதமும் செஸ்ஸும் தொடரும், தேதி பிறகு அறிவிப்பார்கள் என்றே சொல்லியிருக்கிறார்கள், நம் வாடிக்கையாளர்களில் பீடிக்கட்டு விற்காத மளிகைக் கடை எத்தனை? அதே கடையில் கோலா பாட்டில் 28-ம் செஸ்ஸுமாக இருந்தது போய் 40-க்குப் போகிறது. மொத்த வியாபாரிகள் இன்னும் மோசம்: சரக்கு 20-ஆம் தேதி போய், பில் 23-ஆம் தேதி போட்டு, பணம் அதற்கும் அப்புறம் வந்தால் புது விகிதம், பணம் மட்டும் முன்கூட்டியே வந்திருந்தால் பழைய விகிதம். சிஜிஎஸ்டி சட்டம் 14-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஆக பில் தேதியை மட்டும் பார்த்து நாமே முடிவு செய்யவும் முடியாது, பில் போடுகிறவர் வரிக்கு வரி மாற்றிக்கொள்ள வசதி வேண்டும்.

உள்ளே வரவேண்டிய வேலை இதுதான். பில் வரியில் `gst_rate` என்று ஒரு நெடுவரிசை சேர்ப்பது, மாஸ்டரில் விகிதத்தை "இந்தத் தேதியிலிருந்து" என்று தேதியோடு வைப்பது, பழைய பில்களுக்கெல்லாம் அவற்றின் விகிதத்தை ஒருமுறை நிரப்பிவிடுவது. மூன்றாவதுதான் என் தூக்கத்தைக் கெடுப்பது. இன்றைக்கு அது இவ்வளவுதான்:

```sql
UPDATE bill_lines b SET gst_rate = i.gst_rate
FROM items i WHERE i.id = b.item_id;
```

இது வேலை செய்வதற்கு ஒரே காரணம், மாஸ்டரில் இன்னும் பழைய விகிதம் இருக்கிறது. கடைக்காரர் 22-ஆம் தேதி மாற்றிய அடுத்த நிமிடம் பழைய விகிதம் எங்கேயும் இருக்காது, அச்சடித்த பில்லைத் தவிர. நம் மென்பொருள் ஒவ்வொரு கடை கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக ஓடுகிறது, எல்லோரும் ஒரே நாளில் அப்டேட் எடுப்பதில்லை என்பது சப்போர்ட் டீமைக் கேட்டால் தெரியும். 16, 17 தேதிக்குள் வெளியே போனால்தான் 21-ஆம் தேதிக்குள் கடைகளுக்குப் போய்ச்சேரும். அடுத்த ஸ்பிரிண்ட் 15-ஆம் தேதிதான் தொடங்குகிறது. அதில் எடுத்து அதிலேயே வெளியிடுவது நடக்காத காரியம், அதனால்தான் 12-ஆம் தேதி முடிகிற இந்த ஸ்பிரிண்ட்டிலேயே கேட்கிறேன்.

அரசிதழ் அறிவிக்கை இன்னும் வரவில்லை, பொருள் வாரி பட்டியலில் ஏதாவது மாறினால் என்ன செய்வது என்ற கேள்வி காலையில் டீமிலேயே வந்தது. நாம் எந்தப் பொருளுக்கும் விகிதத்தை புரோகிராமுக்குள் எழுதப்போவதில்லை. தேதியோடு விகிதம் வைக்கும் வசதி மட்டும்தான் செய்கிறோம், பட்டியல் இறுதியானதும் கடைக்காரரோ நம் சப்போர்ட்டோ ஏற்றிக்கொள்ளலாம். நெய்க்கு 5 என்பது 6 ஆனாலும் இந்த வேலை வீணாகாது.

பாதி முடிந்ததைப் பற்றி. திரை முடிந்தது, எக்ஸெல் ஏற்றுமதி முடிந்தது, பிரிண்ட் பாதியில் நிற்கிறது, டெஸ்டிங் தொடவே இல்லை. பிராஞ்சை மெயினில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டோம், அப்படியே வைத்திருப்போம். எக்ஸெல் பகுதி பிறகு அப்படியே பயன்படும், திரையில் கட்டங்களை நிலையாக வைக்காமல் பில்லில் என்ன விகிதம் இருக்கிறதோ அதற்கேற்ப வரிசை வரிசையாகக் காட்டினால் 40 வந்தாலும் சரி, நாளைக்கு வேறொன்று வந்தாலும் சரி. இந்த ஸ்பிரிண்ட் கணக்கில் அந்த 8 பாயின்ட்டில் ஒன்றைக்கூட முடிந்ததாகக் காட்டவேண்டாம், வெலாசிட்டி இந்த முறை குறைவாகத் தெரியட்டும், பரவாயில்லை. புது வேலையும் ஏறக்குறைய 8-தான் வரும் என்று டீம் சொல்கிறது, ஒருவேளை டெஸ்டிங்கில் கொஞ்சம் இழுக்கலாம். தராசு பார்கோடு வேலைதான் நம் ஸ்பிரிண்ட் இலக்கு, அதைச் செய்கிறவர்களை இது தொடவில்லை.

இதை முடித்துவிட்டு அப்புறம் திருத்தலாம் என்ற யோசனையும் வரும், ஏனென்றால் மதுரை டீலருக்கு 12-ஆம் தேதி டெமோவில் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் கையில் இருக்கும் கடைகள் 22-ஆம் தேதி காலையில் அவரைத்தான் கூப்பிடும், "பில்லில் என்ன வரி வரும், பழைய பில் என்ன ஆகும்" என்று. இப்போது அவருக்குத் தேவை அதற்கான பதில். நான்கு கட்ட அறிக்கையைக் காட்டினால் முதல் கேள்வியே "12 எதுக்கு சார் இருக்கு" என்பதாகத்தான் இருக்கும். டெமோவில் தேதியோடு விகிதம் மாறுவதை, டூத்பேஸ்ட்டை 21-ஆம் தேதிக்கும் 22-ஆம் தேதிக்கும் பில் போட்டு, நானே காட்டுகிறேன். அவரிடம் நீங்கள் முன்கூட்டியே ஒரு போன் பண்ணிச் சொல்லிவிட்டால் நல்லது, அறிக்கை அக்டோபரில் ஜிஎஸ்டிஆர்-1 தேதிக்கு முன்னால் வந்துவிடும் என்று சொல்லலாம், புது வேலை ஒழுங்காக முடிந்தால் அது முடியும்.

நாளை மிலாடி நபி லீவு, அதனால் திங்கள்கிழமை காலை ஸ்டாண்டப்புக்கு முன்னால் உங்கள் முடிவு தெரிந்தால் போதும். சரி என்றால் BIL-412-ஐ நீங்கள் ஸ்பிரிண்ட்டிலிருந்து எடுத்துவிட்டு டிக்கெட்டில் ஒரு வரி காரணம் எழுதிவிடுங்கள், ஜிஎஸ்டி மாற்றம் என்று மட்டும் போட்டால் போதும். புது டிக்கெட்டை BIL-431 என்று எழுதி வைத்துவிட்டேன், எந்த நிலைகளில் சரி என்று ஏற்பீர்கள் என்பதை நீங்கள் ஒருமுறை பாருங்கள், முக்கியமாக ரிட்டர்ன் பில்லும் மொத்த வியாபாரியின் விகித மாற்றமும். வேண்டாம், அறிக்கையையே முடியுங்கள் என்றால் அதையும் திங்கள் காலையிலேயே சொல்லிவிடுங்கள். முடிக்கிறோம், ஆனால் செப்டம்பர் மாத எண்கள் தப்பாக வரும் என்று அறிக்கையின் தலையிலேயே ஒரு எச்சரிக்கை போடாமல் வெளியே விடக்கூடாது என்று அப்போதும் கேட்பேன்.

சனிக்கிழமை மதியம் வரைக்கும் போனில் இருப்பேன், பேசிவிடலாம் என்றால் கூப்பிடுங்கள்.

செந்தில்
பில்லிங் டீம்