வலது ஓரத்தில் நிற்கும் ஆள்

படம் எல்லாரும் பார்த்ததுதான். 1972 ஜூன் 8, தெற்கு வியட்நாமில் டிராங் பாங் ஊர் எல்லை, ஒன்றாம் எண் நெடுஞ்சாலை. பின்னால் நாபாம் எரிகுண்டின் புகை, முன்னால் நம்மைப் பார்த்து ஓடிவரும் குழந்தைகள், அவர்களில் உடம்பில் துணியே இல்லாத ஒன்பது வயது கிம் ஃபுக். மறுவருடம் புலிட்சர் பரிசு. ஐம்பது வருடத்துக்கும் மேலாக நிக் உட் எடுத்தது என்றே சொல்லி வந்தோம். 2025 மே மாதம் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு, எடுத்தவர் பெயரை நிறுத்திவைப்பதாக அறிவித்தது, அவர் வேலை பார்த்த ஏபி செய்தி நிறுவனம் அவர் பெயரை மாற்றவில்லை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எடுத்தது யாராக இருந்தாலும், அந்த ஃபிரேமின் வலது பக்கத்தை யாரோ வெட்டினார்கள், நான் பேசப்போவது அதைப் பற்றி.

இந்த மாதம் நம் கூட்டத்துக்கு இரண்டையும் ஏ4 தாளில் பிரிண்ட் போட்டு எடுத்துவந்திருக்கிறேன், உலகம் பார்த்தது ஒன்று, முழு ஃபிரேம் ஒன்று.

முதலில் உலகம் பார்த்ததைப் பார்ப்போம். சாலை நம் காலடியில் அகலமாகத் தொடங்கி உள்ளே போகப் போகக் குறுகுகிறது, தூரத்தில் புகை அதை அடைத்துக்கொண்டு நிற்கிறது, ஆக கண் உள்ளே போய் அங்கே முட்டித் திரும்பி மறுபடி குழந்தைகளிடமே வருகிறது. தப்பிக்க வழியே இல்லை, அவர்களுக்கும் சரி, பார்க்கிற நமக்கும் சரி. இடது முன்னால் ஒரு பையன், கிம் ஃபுக்கின் அண்ணன், அவன் வாய் திறந்திருக்கிற விதத்தைப் பாருங்கள், சதுரமாக, முகமூடியில் வெட்டின ஓட்டை மாதிரி. சத்தமே இல்லாத ஒரு தாளில் சத்தம் கேட்பது அந்த வாயால்தான். அவனுக்குப் பின்னால் அவர்களின் சின்னத் தம்பி ஓடிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறான், வலது பக்கம் இரண்டு பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கிம் ஃபுக் யாரையும் பிடிக்கவில்லை. இரண்டு கையும் உடம்பை விட்டு விலகி விரிந்திருக்கின்றன, வெந்த தோல் எதிலும் படக்கூடாது என்பது போல. அந்த விரிந்த கைகளை நான் சிலுவை என்று சொல்லமாட்டேன், பலர் சொல்லிவிட்டார்கள், சொன்னதும் வலி மறைந்து சின்னம் மட்டும் மிஞ்சிவிடுகிறது.

அப்புறம் சிப்பாய்கள். பின்னால் துப்பாக்கியோடு வரிசையாக வருகிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள், இவர்கள் நடக்கிறார்கள். இந்த வேக வித்தியாசம்தான் படத்தின் கொடூரம். ஆடு ஓட்டிக்கொண்டு வருபவர்கள் மாதிரித் தெரிகிறார்கள், இல்லையா? அங்கேதான் கேப்ஷன் வேலையைத் தொடங்குகிறது.

ஏபியின் கேப்ஷன் சொல்வது இது: அவர்கள் தென் வியட்நாம் படையினர். குண்டு போட்டதும் தென் வியட்நாம் விமானம்தான், வியட்காங் கெரில்லாக்கள் பதுங்கியிருப்பதாகச் சந்தேகித்த இடத்தின் மேல் போட வேண்டியதைத் தவறுதலாகத் தன் படையினர் மேலும் பொதுமக்கள் மேலும் போட்டுவிட்டது. அதாவது அந்தச் சிப்பாய்களும் அதே குண்டிலிருந்து தப்பி வந்தவர்கள். இதைப் படித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள், ஆடு ஓட்டுகிறவர்கள் காணாமல் போய்விடுவார்கள், களைத்துப்போன சில இளைஞர்கள் நடந்துவருவார்கள். ஒரு புள்ளிகூட மாறவில்லை, படம் மாறிவிட்டது.

நம் ஊர்ப் பத்திரிகைகளில் ‘அமெரிக்கா வீசிய நாபாம் குண்டில்’ என்று எத்தனை முறை படித்திருக்கிறேன். விமானம் அமெரிக்கா கொடுத்தது, நாபாம் அமெரிக்கா கொடுத்தது, போரும் பெரும்பாலும் அவர்கள் போர், ஆனால் அன்று ஓட்டியவர் தென் வியட்நாம் விமானி. இரண்டையும் சேர்த்து ஒரு வரியில் சொல்ல முடியும், இன்னும் நாலு சொல் கூட ஆகும், அவ்வளவுதான். அதே சமயம் ஏபியின் ‘தவறுதலாக’ என்ற சொல்லும் அப்பாவிச் சொல் இல்லை. ஊர் எல்லையில் நாபாம் போடலாம் என்று முடிவெடுத்தது தவறுதலாக நடந்ததா என்று அந்த வரி கேட்கவில்லை.

‘நாபாம் சிறுமி’ என்ற பட்டப்பெயரும் ஒரு கேப்ஷன்தான், இரண்டே சொல்லில். நான் இனிமேல் அது இல்லை என்று கிம் ஃபுக்கே 2022இல் எழுதினார், சின்ன வயதில் அந்தப் படத்தை வெறுத்ததையும் சொல்லியிருக்கிறார்.

சரி, இப்போது முழு ஃபிரேம். வலது பக்கம் சாலை இன்னும் நீள்கிறது, அங்கே ராணுவ உடையில் ஒருவர் தலையைக் குனிந்து கையில் இருக்கும் கேமராவில் மும்முரமாக இருக்கிறார். ஃபிலிம் மாற்றுகிறார். எரிந்த குழந்தை அவரைத் தாண்டிப் போகிற தூரம்தான். அவரை வெட்டியதும் கிம் ஃபுக் ஏறக்குறைய நடுவுக்கு வந்துவிடுகிறார், படம் இறுகிவிடுகிறது, கண் சிதறுவதில்லை. தொழில் ரீதியில் நல்ல வெட்டு. நானும் வெட்டியிருப்பேன்.

ஆனால் என்ன போயிற்று என்று பாருங்கள். வெட்டின படத்தில் அந்தச் சாலையில் குழந்தைகளும் ராணுவமும் மட்டும், பார்ப்பவர் நாம் ஒருவர்தான். முழுப் படத்தில் பத்திரிகைக்காரர்கள் குவிந்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது, அந்த நாளின் சினிமா ஃபிலிமிலும் அது தெரியும். அந்த ஆளைக் கல்மனசுக்காரர் என்று சொல்லவும் முடியாது, ஃபிலிம் தீர்ந்தால் மாற்றத்தான் வேண்டும், அடுத்த நொடியில் அவரும் நிமிர்ந்திருப்பார், ஆனால் நமக்குக் கிடைத்தது குனிந்த நொடி. வைத்திருந்தால் அவருக்கு அநியாயம், எடுத்தால் அந்த இடத்துக்கு அநியாயம்.

இன்னொரு வெட்டு நடக்கவே இல்லை, அதையும் கணக்கில் வைக்க வேண்டும். நிர்வாணக் குழந்தையின் படத்தை அனுப்பலாமா என்று ஏபியின் சைகோன் அலுவலகத்தில் வாக்குவாதம், அங்கே புகைப்பட ஆசிரியராக இருந்த ஹார்ஸ்ட் ஃபாஸ் அனுப்பத்தான் வேண்டும் என்று நின்றார், கடைசியில் நியூயார்க் தலைமையகத்தோடு ஓர் உடன்பாடு: சிறுமியை மட்டும் தனியாக நெருக்கத்தில் வெட்டி அனுப்பக்கூடாது. அண்ணனும் தம்பியும் சிப்பாய்களும் சாலையும் இருக்கும்வரை அது ஒரு நிகழ்வு. அவளை மட்டும் பிரித்தால் அது ஓர் உடம்பு. வெட்டு நெறி என்று நான் யாருக்காவது சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் இதைத்தான் காட்டுவேன்.

இதே ஏபிதான் 2020 ஜனவரியில் டாவோஸில் காலநிலைக்காகப் போராடும் ஐந்து இளம் பெண்கள் நின்ற படத்தில் இடது ஓரத்தில் நின்ற உகாண்டாவின் வனேசா நகாட்டேயை வெட்டிவிட்டது. பின்னால் இருந்த கட்டடம் கண்ணை உறுத்தியது, படத்தின் அமைப்புக்காக வெட்டினோம் என்றார்கள். மீதி நாலு பேரும் வெள்ளையர். கட்டடம் உறுத்தியது உண்மையாகவே இருக்கலாம், எனக்கு அந்தப் பதில் நன்றாகவே பழக்கம்.

ஏனென்றால் நான் பக்கம் கட்டிய காலத்தில் ஒரு வெள்ளப் படம் வந்தது, ஒரு பாட்டியைத் தூக்கிப் படகில் ஏற்றுகிறார்கள். பக்கத்தில் இடம் இல்லை, கீழே இரண்டு சென்டிமீட்டர் வெட்டினேன். வெட்டின துண்டில்தான் தூக்குகிறவர்களின் முழங்கால் இருந்தது. மறுநாள் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெரியவர் போன் பண்ணினார்: “தம்பி, எங்க தெருவுல முட்டி வரைக்கும்தான் தண்ணி. எம் மகன் பேப்பரைப் பாத்துட்டு துபாய்ல இருந்து அழுவுறான்.”