கம்ப்ரசர் ரூம் அணிக்கு வாழ்த்துகள்: ஏர் லீக் 32.5 சதவீதத்திலிருந்து 10 சதவீதம்

அனைவருக்கும் வணக்கம்.

முருகேசன் அண்ணன், நஸ்ரின், பிபின், பிரதாப், அசெம்பிளி லைன் சரோஜா அக்கா ஐவருக்கும் பராமரிப்புப் பிரிவின் மனமார்ந்த வாழ்த்துகள். நம் கோயம்புத்தூர் ஆலையின் காற்றுக் கசிவை இவர்கள் கம்ப்ரசர் தரும் காற்றில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறார்கள். உற்பத்தி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. கம்ப்ரசர் மீட்டரில் மாதம் சுமார் 3,000 யூனிட் குறைந்திருக்கிறது.

நேரம் இல்லாதவர்களுக்கு மேலே உள்ள பத்தியே முழுச் செய்தி. மற்றவர்கள் தொடர்ந்து படியுங்கள். எப்படிச் செய்தார்கள் என்பதுதான் இந்த வாழ்த்தின் முக்கியமான பகுதி.

மொழி பற்றி ஒரு வார்த்தை. இதே செய்தி அடுத்த பதிவாக ஆங்கிலத்தில் வருகிறது. இரண்டிலும் எண்கள், பெயர்கள், பெயர்களின் வரிசை எல்லாம் ஒன்றுதான். ஒன்றைப் படித்தால் போதும். தமிழ் பேசுவேன், எழுத்துதான் சிரமம் என்பவர்களுக்காக முதல் பத்தியைக் குரல் பதிவாகவும் போட்டிருக்கிறோம். வாழ்த்தை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதுங்கள். புனே அலுவலக நண்பர்கள் ஆங்கிலத்தில் கேட்கும் கேள்விக்கு முருகேசன் அண்ணன் தமிழில் பதில் சொன்னால், அதைப் பிபின் அங்கேயே ஆங்கிலத்தில் போட்டுவிடுவார். ஐந்து பெயர்களையும் இரண்டு மொழியிலும் எப்படி எழுத வேண்டும் என்று அவரவரிடமே கேட்டுத்தான் எழுதியிருக்கிறோம். படத்தில் இருப்பவர்களும் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள்.

அளந்தது எப்படி

நம்மிடம் ஓடுவது 37 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர், நிமிடத்துக்கு 6.2 கன மீட்டர் காற்று தரும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மெஷினும் ஓடாதபோது லைனில் பிரஷர் ஏற்றிவிட்டு, கம்ப்ரசர் எவ்வளவு நேரம் லோடில் இருக்கிறது, எவ்வளவு நேரம் அன்லோடில் இருக்கிறது என்று ஸ்டாப்வாட்சில் குறித்தார்கள். காற்றை யாரும் பயன்படுத்தாத நேரம் என்பதால், லோடு ஆகும் ஒவ்வொரு நொடியும் கசிவுக்குப் போவதுதான். பத்து சுற்றுகளின் சராசரி: லோடு 78 நொடி, அன்லோடு 162 நொடி. 78-ஐ மொத்தம் 240-ஆல் வகுத்தால் 32.5 சதவீதம். அதாவது நிமிடத்துக்கு 2 கன மீட்டர் காற்று, யாருக்கும் பயன்படாமல்.

இங்கே நஸ்ரினைத் தனியாகப் பாராட்ட வேண்டும். முதல் சோதனையில் வந்த எண் வெறும் 19 சதவீதம். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் நஸ்ரின் ஏற்கவில்லை. வார இறுதியில் ஆபரேட்டர்கள் வழக்கப்படி ஒவ்வொரு மெஷினின் ஐசொலேஷன் வால்வையும் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். அப்படியானால் அளந்தது மேலே ஓடும் ஹெடர் லைனின் கசிவை மட்டுமே, மெஷினுக்குள் இருக்கும் கசிவு கணக்கிலேயே வரவில்லை என்று சொன்னார். மறு வாரம் எல்லா வால்வும் திறந்த நிலையில் அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது. டிப்ளமோ முடித்து வந்த ட்ரெய்னி ஒருவர் நல்ல எண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட்டார் என்பது எங்களுக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி.

தேடியதும் அடைத்ததும்

மொத்தம் 86 இடங்களில் டேக் கட்டினார்கள். ஒவ்வொரு டேக்கிலும் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். பெரிய கசிவுக்குச் சிவப்பு, சிறியதற்கு மஞ்சள். நிறம் வைக்கலாம் என்ற யோசனை பிரதாப்புடையது. ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் நம் ஹெல்ப்பர்கள் இரண்டு மொழியையும் படிக்காமலே எதை முதலில் எடுக்க வேண்டும் என்று புரிந்துகொண்டார்கள். அவர் சொல்லாமல் இருந்தால் மூன்றாம் ஷிஃப்டில் வேலை இவ்வளவு வேகமாக நகர்ந்திருக்காது.

அதிகம் கிடைத்த இடம் புஷ் ஃபிட்டிங்: 34. காரணம் பெரும்பாலும் ஃபிட்டிங் அல்ல, ட்யூபை வெட்டிய விதம். பி.யூ. ட்யூபை கட்டிங் பிளேயரால் வெட்டினால் வாய் நசுங்கிச் சாய்வாகிவிடும். உள்ளே இருக்கும் ஓ-ரிங் அதை முழுவதும் பிடிக்காது. முருகேசன் அண்ணன் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு ட்யூப் கட்டர் வாங்கித் தொங்கவிட்டார். நேராக வெட்டு, கடைசிவரை அழுத்து, பிறகு லேசாகப் பின்னால் இழுத்துப் பார்: அவர் எல்லோருக்கும் கையில் பிடித்துக் காட்டிய முறை இதுதான். கழற்றிய பழைய ட்யூபின் முனையில் பல்தடம் விழுந்திருக்கும். அந்த 15 மில்லிமீட்டரை வெட்டிவிட்டுத்தான் மறுபடி மாட்ட வேண்டும். ஃபிட்டிங்கிலிருந்து வெளியே வந்தவுடனே ட்யூப் வளைந்தால் ஓ-ரிங் ஒரு பக்கமாக நசுங்கும். அப்படி இருந்த இடங்களில் ட்யூபைக் கொஞ்சம் நீளமாக விட்டு மாற்றினார்கள்.

குயிக் கப்ளர் 17. தேய்ந்தவற்றை மாற்றியாயிற்று.

எஃப்.ஆர்.எல். யூனிட்டில் 14. இதை ஆபரேட்டர்கள் எல்லோரும் கவனமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறோம். அவற்றில் சில பௌல்களில் மெல்லிய விரிசல் இருந்தது. அந்தப் பௌல் பாலிகார்பனேட். தின்னரோ வேறு சால்வென்டோ வைத்துத் துடைத்தால் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், உள்ளே விரிசல் விடும், பிரஷரில் வெடிக்கக்கூடும். இது கசிவுப் பிரச்சினை மட்டுமல்ல, கண்ணுக்கே ஆபத்து. லேசான சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். அதுவும் காற்றை வெளியேற்றிய பிறகு. இந்த விரிசலை முதலில் பார்த்துச் சொன்னவர் சரோஜா அக்கா. தன் லைனில் உள்ள பௌலை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து லைன்களுக்கும் போய்ப் பார்த்துச் சொன்னார். பராமரிப்புப் பிரிவில் இல்லாத ஒருவர் இந்தப் பட்டியலில் இருப்பது அதனால்தான்.

த்ரெட் ஜாயின்ட் 9, டிரெய்ன் வால்வு 5. டெஃப்லான் டேப்பை த்ரெட் சுழலும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்று சுற்றி, முதல் த்ரெட்டை வெறுமனே விட வேண்டும். முனைவரை சுற்றினால் துணுக்கு பிய்ந்து உள்ளே போய் சோலனாய்ட் வால்வில் சிக்கும். பிறகு சிலிண்டர் ஏன் மெதுவாக நகர்கிறது என்று தேடிக்கொண்டிருப்போம். டைமர் டிரெய்ன்கள் தேவைக்கு மேல் திறந்து கிடந்தன. எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்த்து நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் கூடும்போது மறுபடி மாற்றியாக வேண்டும்.

மீதி ஏழு, சிலிண்டர் ராடு சீல். சீல் கிட் வந்ததும் மாற்றப்படும். அதுவரை அந்தச் சிவப்பு டேக்குகளை யாரும் அவிழ்க்க வேண்டாம்.

மெஷின் ஓடும் இரைச்சலில் சிறு கசிவு காதுக்குக் கேட்காது. அதற்கு 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் கேட்கும் அல்ட்ராசானிக் டிடெக்டர் பயன்பட்டது. சரியான இடத்தை உறுதி செய்ய அதே பழைய சோப்புத் தண்ணீர். கையை வைத்துக் கசிவைத் தேடவே இல்லை. ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் கழற்றும் முன் லைனை மூடி, பூட்டுப் போட்டு, காற்றை வெளியேற்றினார்கள். ஒரு முதலுதவிப் பெட்டிகூடத் திறக்காமல் இத்தனை வேலை முடிந்ததை நாங்கள் யூனிட் கணக்குக்கும் மேலாக மதிக்கிறோம்.

முதல் சுற்று முடிந்ததும் நிறுத்திவிடவும் இல்லை. பெரிய கசிவுகள் அடைபட்டால் கோடியில் இருக்கும் மெஷின்களுக்கு பிரஷர் கூடும். அதுவரை அடங்கிக் கிடந்த சிறு கசிவுகள் பெரிதாகும். எதிர்பார்த்தபடியே இரண்டாம் சுற்றில் புதியவை கிடைத்தன. 86 என்ற எண் இரண்டு சுற்றுக்கும் சேர்த்துத்தான்.

3,000 யூனிட் என்று எப்படிச் சொல்கிறோம்

இப்போதைய சோதனை முடிவு: லோடு 24 நொடி, அன்லோடு 216 நொடி, அதாவது 10 சதவீதம். லோடு நேரத்தின் பங்கு 22.5 சதவீதப் புள்ளிகள் குறைந்திருக்கிறது. முழு லோடில் கம்ப்ரசர் இழுப்பது 40 கிலோவாட். மாதம் 500 மணி நேரம் ஓடுகிறது. நேராகப் பெருக்கினால் 4,500 யூனிட் வரும். பெரிய எண்ணாக இருக்கும், ஆனால் தவறு. அன்லோடிலும் மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, 12 கிலோவாட் இழுக்கிறது. மிச்சமாவது வித்தியாசமான 28 கிலோவாட் மட்டுமே. அப்படிக் கணக்கிட்டால் 3,150 யூனிட். பிபின் கம்ப்ரசருக்கென்று தனி மீட்டர் பொருத்தி, ஏறக்குறைய ஒரே உற்பத்தி இருந்த இரண்டு மாதங்களை ஒப்பிட்டார், குறைந்தது 2,980. கணக்கும் மீட்டரும் இவ்வளவு அருகில் வந்ததால்தான் நிதிப் பிரிவுக்கும் இந்த எண்ணையே தைரியமாகக் கொடுத்திருக்கிறோம்.

இதற்குப் பிறகு, இந்த மாதம் 1ஆம் தேதி, பிரஷர் செட்டிங் 7.5 பாரிலிருந்து 7 பாருக்கு இறக்கப்பட்டது. முன்பு கோடியில் உள்ள மெஷின்களுக்குப் போதவில்லை என்று ஏற்றி வைத்திருந்ததுதான் அது. அதன் பலன் மேலே உள்ள கணக்கில் சேரவில்லை. எந்த மெஷினிலாவது லோ பிரஷர் அலாரம் வந்தால் செட்டிங்கை நீங்களே ஏற்றாமல் எங்களிடம் சொல்லுங்கள்; அநேகமாக அங்கே ஒரு ஃபில்டர் அடைத்திருக்கும் அல்லது ஒரு ட்யூப் கசியும்.

முருகேசன் அண்ணே, இத்தனை வருடமாகக் காதால் கண்டுபிடித்த வேலையைக் கருவியோடு செய்து, இளையவர்களுக்கும் கற்றுக்கொடுத்தீர்கள். நஸ்ரின், கேள்வி கேட்பதை விட்டுவிடாதீர்கள். பிபின், உங்கள் மீட்டர் இல்லாமல் இதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பிரதாப், அடுத்த டேக் வடிவமைப்பும் உங்கள் பொறுப்பு. சரோஜா அக்கா, அந்த டார்ச் உங்களிடமே இருக்கட்டும். ஐவருக்கும் நன்றி, வாழ்த்துகள்.

சனிக்கிழமை மாலை 3.45க்கு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், கம்ப்ரசர் ரூம் வாசலில் டீயும் வடையும் உண்டு. இரண்டு ஷிஃப்டும் வரலாம். இரவு ஷிஃப்டுக்கு இரவு 12.30க்குக் கேன்டீனில் தனியாக வைத்திருக்கிறோம். பிரதாப் அங்கே இருப்பார். புனேயில் உள்ளவர்கள் 3.45 வீடியோ அழைப்பில் சேர்ந்துகொள்ளலாம். புதிதாக எங்காவது காற்று கசிந்தால் உள் எண் 214, எந்த ஷிஃப்டிலும், எந்த மொழியிலும்.

பராமரிப்புப் பிரிவு