வெட்டுண்ட துண்டுகளின் நடுவே

அன்புள்ள டேனியல், ஆரோக்கிய மேரி, இரு வீட்டாரே, மேடையில் என்னோடு அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே,

சி.எஸ்.ஐ. சபையாராகிய நாங்கள் ஆதியாகமம் என்றும் கத்தோலிக்கராகிய நீங்கள் தொடக்க நூல் என்றும் வாசிக்கிற புத்தகத்தில், 15ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆபிராம் மிருகங்களை இரண்டாகப் பிளந்து எதிரெதிராக வைக்கிறான். அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்பவர்கள் அந்தத் துண்டுகளின் நடுவே நடந்துபோவார்கள். வாக்கை மீறினால் எனக்கும் இந்தக் கதி வரட்டும் என்பது அதன் பொருள். ஆனால் இங்கே ஆபிராம் அயர்ந்து தூங்குகிறான். புகைகிற சூளையும் எரிகிற தீப்பந்தமும் மட்டுமே கடந்துபோகின்றன. அந்த அடையாளங்களில் கடவுளே தன்னந்தனியாக நடந்து, முழுப் பொறுப்பையும் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார்.

திருமணமும் இப்படி ஓர் உடன்படிக்கைதான். ஒப்பந்தம் அப்படியல்ல. நீ உன் பங்கைச் செய்தால்தான் நான் என் பங்கைச் செய்வேன் என்று அது கணக்குப் பார்க்கும்.

டேனியல் சி.எஸ்.ஐ. குடும்பம், மேரி கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு காலை திருப்பலியா, ஆராதனையா? பிள்ளைக்கு எங்கே ஞானஸ்நானம்? இதையெல்லாம் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும். சரி, பேசுங்கள். ஆனால் யார் ஜெயித்தது என்று எண்ணாதீர்கள். டேனியல், அவள் ஜெபமாலை சொல்லும்போது பக்கத்தில் அமைதியாக உட்கார். மேரி, அவன் கீர்த்தனை பாடினால் நீயும் சேர்ந்து பாடம்மா.

பெரியவர்களே, எங்கள் பக்கம் வா என்று இவர்களை இழுக்காதீர்கள். இது என் தாழ்மையான, ஆனால் உறுதியான வேண்டுகோள்.

இப்போது இருவரும் எழுந்து, ஒருவர் வலது கையை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.