தர மேலாளர் பணி: சனிக்கிழமை மெயிலுக்குப் பதிலாக இது

மதிப்பிற்குரிய மீனாட்சி மேடம்,

வணக்கம். சனிக்கிழமை இரவு நான் அனுப்பிய இரண்டு வரி மெயிலைப் பார்த்திருப்பீர்கள். "இந்தச் சம்பளம் ஒத்துவராது, 11 லட்சம் வேண்டும்" என்று எழுதியிருந்தேன். அன்று இங்கே ஷிப்மென்ட் நாள். பத்து மணிக்கு மேல் வீடு திரும்பிய அலுப்பில் போனிலேயே தட்டி அனுப்பிவிட்டேன். ஞாயிறு காலை படித்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு இதை என் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கும் தொகை பெரிதாக மாறவில்லை; கேட்ட விதம்தான் சரியில்லை.

முதலில் நன்றி. பெருந்துறை யூனிட்டுக்கு நான் வந்த அன்று எம்.டி. ஐயா இரண்டு மணி நேரம் கூடவே நடந்து எல்லாவற்றையும் காட்டினார். பார்க்க வருபவர்களுக்குப் பளிச்சென்று இருக்கும் இடங்களை மட்டும் காட்டுவதுதான் வழக்கம். அவரோ ரிஜெக்ட் ஆன பீஸ்கள் கட்டிவைத்திருந்த ரேக்குக்கே என்னை அழைத்துப்போய், "இதை எப்படிக் குறைப்பீர்கள்?" என்று கேட்டார். தரப் பிரிவு புரொடக்‌ஷன் மேனேஜருக்குக் கீழே வராது, நேராகத் தன்னிடம்தான் ரிப்போர்ட் செய்யும் என்றும் சொன்னார். பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு "எப்படியாவது பாஸ் பண்ணிவிடுங்க" என்று கேட்பவரே சம்பள உயர்வையும் முடிவு செய்பவராக இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கிறேன்.

இப்போது சம்பளம். ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 9,60,000 ரூபாய் என்று இருப்பதைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் பிரித்துப் பார்த்தேன். நிறுவனத்தின் பங்கான பி.எஃப். 21,600, கிராஜுவிட்டி 23,088, மருத்துவக் காப்பீடு 12,000, ஆண்டு இன்சென்டிவ் 96,000. இவை நான்கும் சேர்ந்து 1,52,688. கழித்தால் நிலையான சம்பளம் 8,07,312, அதாவது மாதம் 67,276.

இப்போது நான் வாங்குவது மாதம் 62,500. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ்; ஆறு வருடமாக ஒரு முறைகூடத் தவறியதில்லை. இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 8,12,500. ஆக, இன்சென்டிவ் வராத ஒரு வருடத்தில் இப்போது வாங்குவதைவிட 5,188 ரூபாய் குறைவாக வாங்குவேன். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. யாரும் வேண்டுமென்று இப்படிப் போட்டதாக நான் நினைக்கவில்லை. எங்கள் போனஸ் முறை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நேர்காணலில் நானும் அதைச் சொல்லவில்லை.

வேலையின் அளவும் கூடியிருக்கிறது. விளம்பரத்தில் இருந்தது ஆறு தையல் லைன்களும் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனும். இரண்டாவது சுற்றில் பேசும்போது துணிச் சோதனையும் சேர்ந்தது: சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியின் ஷேட், ஜி.எஸ்.எம்., சுருக்கம் எல்லாம். இதை நான் சுமையாகச் சொல்லவில்லை, எனக்குப் பிடித்ததே அந்தப் பகுதிதான். தைத்து முடித்து இஸ்திரி போட்ட பிறகு ஷேட் மாறியிருப்பதைக் கண்டுபிடிப்பதில் என்ன லாபம்? கட்டிங் மேசைக்குப் போவதற்கு முன்பே பிடித்தால்தான் காசு மிச்சம். நான் இப்போது இருக்கும் இடத்தில் முந்தைய ஆண்டு முதல் இன்ஸ்பெக்‌ஷனில் தவறிய ஷிப்மென்ட் 31. துணிச் சோதனையை என் பொறுப்பில் எடுத்த பிறகு, கடந்த ஆண்டு அது 9. ஒரு லாட் தவறினால் திரும்பச் சோதித்து, தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டு, கடைசியில் நம் செலவில் ஏர் அனுப்புவது வரை போகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனவே நான் கேட்பது: நிலையான சம்பளம் மாதம் 80,000 ரூபாய். ஆண்டுக்கு 9,60,000. நீங்கள் மொத்தமாக எழுதிய அதே எண், நிலையான சம்பளமாக. மற்ற நான்கும் லெட்டரில் உள்ளபடியே இருக்கட்டும். அப்படிப் பார்த்தால் மொத்தம் 11,12,688 வருகிறது. சனிக்கிழமை நான் எழுதிய 11 லட்சம் குத்துமதிப்பு. இதுதான் சரியான கணக்கு. இப்போது என் கைக்கு வருவதைவிட இது சுமார் 18 சதவீதம் கூடுதல். இரண்டு பிரிவுகளின் பொறுப்புக்கும், தினமும் போக வர எழுபது கிலோமீட்டருக்கும் இது நியாயம் என்று நினைக்கிறேன்.

ஒரேயடியாக அவ்வளவு முடியாது என்றால், ஜனவரியில் 75,000, ஜூலையிலிருந்து 80,000 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஜூலை உயர்வு ஆஃபர் லெட்டரிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். "பார்த்துச் செய்கிறோம்" என்பது வேண்டாம். அப்படியானால் ஊத்துக்குளி வழியாக வரும் கம்பெனி வேனில் எனக்கும் ஓர் இடம் கொடுங்கள். பெட்ரோல் அலவன்ஸ் கேட்கமாட்டேன். 75,000-க்குக் கீழே என்றால் என்னால் வர இயலாது. இதை இப்போதே சொல்லிவிடுவது உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

இன்சென்டிவை உயர்த்தச் சொல்லவில்லை. ஆனால் அதை எதை வைத்துக் கணக்கிடுவீர்கள் என்பது லெட்டரில் இல்லை. யூனிட்டின் ஏற்றுமதி மதிப்பை வைத்து என்றால், ஆர்டர் வருவதும் போவதும் என் கையில் இல்லை. முதல் இன்ஸ்பெக்‌ஷனிலேயே பாஸ் ஆன லாட்கள் எத்தனை, பையர் போட்ட கிளெய்ம் எவ்வளவு என்பவற்றை வைத்து என்றால் தாராளமாக என்னை அளந்து பாருங்கள். ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆஃபர் நவம்பர் 14 வரை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் திருத்திய லெட்டர் கிடைத்தால் 17ஆம் தேதி திங்கட்கிழமை இங்கே ராஜினாமா கொடுத்துவிடுவேன். எனக்கு நோட்டீஸ் 60 நாள். பொங்கல் முடிந்து ஜனவரி 19 அன்று அங்கே சேர்ந்துவிடலாம். எம்.டி. ஐயா வெளியூரில் இருக்கிறார், இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும் என்றாலும் பரவாயில்லை, சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். நான் இங்கே இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. லெட்டர் கைக்கு வரும்வரை என் இப்போதைய அலுவலகத்தை விசாரணைக்குத் தொடர்பு கொள்ளாமல் இருந்தால் உதவியாக இருக்கும். இதற்கு முன்பு வேலை பார்த்த இடத்தில் தாராளமாகக் கேட்கலாம்.

பேசித் தீர்ப்பது எளிது என்று தோன்றினால் எந்த நாளும் மதியம் ஒன்றரை முதல் இரண்டு மணி வரை நான் போனை எடுக்க முடியும். மற்ற நேரத்தில் லைனில் இருப்பேன், சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

நன்றியுடன்,
கவிதா
திருப்பூர், நவம்பர் 10