களப்பயிற்சி 4: விடுதிக்குப் பின்புறப் புல்வெளியில் குவாட்ரட் கணக்கெடுப்பு

இடம்: விடுதிக்கும் வேலிக்கும் இடையிலுள்ள 20 மீ × 20 மீ நிலம். நவம்பர் இரண்டாம் வாரம், மழை விட்ட மறுநாள் காலை. மூன்று பேர் கொண்ட குழு.

மாதிரி எடுத்த முறை

நிலத்தின் இரு ஓரங்களிலும் அளவுநாடா விரித்தோம். கால்குலேட்டர் தந்த சமவாய்ப்பு எண்களை ஆயத்தொலைகளாகக் கொண்டு, 1 மீ × 1 மீ குவாட்ரட் சட்டத்தைப் பத்து இடங்களில் வைத்தோம். சட்டத்தைக் கைபோன போக்கில் வீசினால் பச்சையாகத் தெரியும் பக்கமே கை போகும் என்பதால் அதைத் தவிர்த்தோம். நான்காவது சட்டம் வெறும் அறுகம்புல்லில் விழுந்தது. இடத்தை மாற்றவில்லை, பூஜ்ஜியமும் ஒரு தரவுதான்.

அறுகம்புல் ஓடிக்கொண்டே வேர்விடும். எது ஒரு செடி என்று பிரிக்க முடியாததால் அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. சட்டத்தின் இடது, கீழ் விளிம்புகளில் வேரூன்றிய செடிகளைச் சேர்த்து, மற்ற இரு விளிம்புகளில் இருந்தவற்றை விட்டுவிட்டோம்.

கீழாநெல்லி நாற்று தொட்டாற்சிணுங்கி போலவே இருந்து குழப்பியது. தொட்டுப் பார்த்தோம், சுருங்கவில்லை. சற்று வளர்ந்த செடியில் இலைகள் உள்ள சிறுகிளையைத் திருப்பினால் அடியில் வரிசையாகக் காய்கள் இருந்தன. அப்புறம் சந்தேகம் வரவில்லை.

எண்ணிக்கை

| சிற்றினம் | செடிகள் | காணப்பட்ட சட்டங்கள் |
|---|---|---|
| வெட்டுக்காயப்பூண்டு | 64 | 9 |
| கீழாநெல்லி | 38 | 8 |
| குப்பைமேனி | 24 | 7 |
| தும்பை | 18 | 5 |
| மூக்கிரட்டை | 10 | 4 |
| பார்த்தீனியம் | 6 | 1 |
| மொத்தம் | 160 | |

அடர்த்தி: சதுர மீட்டருக்கு 16 செடிகள்.

ஷானன் பல்வகைமைக் குறியீடு

```
H' = -Σ pi ln(pi)
   = 0.367 + 0.341 + 0.285 + 0.246 + 0.173 + 0.123
   = 1.53
J  = 1.5347 / ln 6 = 0.86
```

செடிகள் சிற்றினங்களுக்கிடையே எவ்வளவு சமமாகப் பரவியுள்ளன என்பதைக் காட்டும் J ஒன்றை நெருங்குவதால் எந்த ஒரு செடியும் மற்றவற்றை முழுக்க அமுக்கிவிடவில்லை என்று கொள்ளலாம்.

பரிசீலனை

எங்களை உறுத்தியது பார்த்தீனியம். ஆறு செடிகளும் ஒன்பதாவது சட்டத்தில், குப்பை கொட்டும் மூலையை ஒட்டி, ஒரே கொத்தாக நின்றன. அந்த ஆறையும் நீக்கிக் கணக்கிட்டால் H' 1.43 ஆகக் குறைகிறது. அதாவது, பிடுங்கி எறிய வேண்டிய ஒரு களை வந்து சேர்ந்ததால் பல்வகைமை 'கூடியதாக' எண் சொல்கிறது. எந்தச் செடி எங்கிருந்து வந்தது, பக்கத்துச் செடியை என்ன செய்யும் என்பதெல்லாம் சூத்திரத்துக்குள் வராது. அதனால் குறியீட்டை மட்டும் எழுதாமல் மேலுள்ள பட்டியலையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இன்னொன்று: முதல் ஏழு சட்டங்களிலேயே ஐந்து சிற்றினங்கள் வந்துவிட்டன, ஆறாவது சிற்றினம் ஒன்பதாவது சட்டத்தில்தான் கிடைத்தது. புதிய சிற்றினம் வருவது நின்றுவிட்டது என்று சொல்ல பத்து சட்டங்கள் போதவில்லை. அடுத்த முறை குப்பைமூலை, திறந்தவெளி என நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்து சட்டங்கள் வைக்கப்போகிறோம்.