எதிர்க்காற்றில் ஒரு பாய்

"மீதிப் பாய் எங்கே?" என்று கேட்டான் தியோகு.

போர்த்துக்கல்லின் தென்கரையில் லாகுஷ் துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனோ நிஜமாகத்தான் கேட்டான். அதே நாட்டின் வடகோடியில் வியானாவில் பிறந்தவன் அவன். அங்கே கடலோடும் கப்பல் என்றால் பருத்த உடல், நடுவில் ஒற்றை மரம், மரத்தின் குறுக்கே ஒரு பருமல், அதிலிருந்து தொங்கும் நாற்கோணப் பாய். அப்பா அப்படி ஒரு கப்பலில்தான் போனார். பிஸ்கே வளைகுடாவில் காற்று அவர்களைக் கரைப்பக்கம் தள்ளியது, பாறையிலிருந்து விலக முடியாமல் போனது என்று மட்டும் செய்தி வந்தது.

கரவேலா என்ற இந்தக் கப்பலில் இரண்டு மரங்கள். ஒவ்வொன்றிலும் நீண்ட பருமல் ஒன்று சாய்வாகத் தொங்கியது. அதன் கீழ்முனை கப்பலின் முன்பகுதியான அணியத்தின் பக்கம் தாழ்ந்திருந்தது, மேல்முனை பின்பக்கம் வானத்தில் ஏறி நின்றது. பாய் முக்கோணம். பருமல்கூட ஒரே மரமாக இல்லை, இரண்டு துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"எங்க ஊர் மீன்படகுல எங்க பாட்டன் காலத்துலயே இந்தப் பாய்தான்" என்றார் மத்தேவுஷ் கிழவர். அல்கார்வ் கடற்கரையிலேயே வளர்ந்தவர் அவர். "தெற்கே இருக்கிற மூர்கள் நமக்கு முன்னாடியே இதுல ஓடினவங்க. இவ்வளவு தூரம் கொண்டு போறதுதான் தம்பி புதுசு."

அது 1439ஆம் ஆண்டு மே மாதம். ஐந்து வருடம் முன்பு, இதே ஊர்க்காரரான ஜில் இயானிஷ் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பொஜாதோர் முனையைத் தாண்டித் திரும்பியிருந்தார். அதற்கு முன் அங்கே போக எல்லோரும் பயந்தார்கள். கடல் கொதிக்கும், பூதம் விழுங்கும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் விஷயம் தெரிந்த மாலுமிகளின் பயம் வேறு. அந்தக் கரையோரம் காற்று எந்நேரமும் வடக்கிலிருந்தே வீசும், நீரோட்டமும் தெற்கேதான் இழுக்கும். போவது சுலபம். வருவது?

தியோகுவுக்கு வயது 17. அந்தக் கேள்வியைத் தவிர வேறெதுவும் அவன் மனதில் ஓடவில்லை.

புறப்பட்ட பிறகு பயம் கூடியது. வாடைக்காற்று நேர் பின்னாலிருந்து அடித்தது. இந்தப் பாய்க்குப் பின்காற்று அவ்வளவு ஒத்துவராது. கப்பல் இப்படியும் அப்படியும் உருண்டது. சுக்கான் பிடித்தவன் கொஞ்சம் அசந்தால் காற்று பாயின் மறுபக்கம் புகுந்து, அவ்வளவு பெரிய பருமலையும் ஒரே வீச்சில் தூக்கி எறிந்துவிடும். நாற்கோணப் பாயாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே போயிருக்கலாம் என்று நினைத்தான். ஒவ்வொரு நாளும் நல்ல ஓட்டம் என்று கப்பல் தலைவர் சொல்லும்போதெல்லாம், அவ்வளவு தூரமும் எதிர்க்காற்றில் திரும்ப வேண்டுமே என்று அவன் வயிறு கலங்கியது.

பொஜாதோர் முனை பார்க்க ஒன்றுமில்லை. தாழ்வான சிவந்த மணல்மேடு, அதற்கு வெளியே வெகுதூரம் வரைக்கும் வெள்ளையாக நுரைக்கும் ஆழமில்லாத கடல். அதைச் சுற்றி விலகித் தெற்கே போய், ரியோ தோ ஓரோ என்று பெயர் வைத்திருந்த நீண்ட கழிமுகத்தில் நங்கூரமிட்டார்கள். 'தங்க ஆறு' என்று பெயர், ஆனால் அங்கே ஆறும் இல்லை, தங்கமும் இல்லை. மணல்திட்டுகளில் கடல்நாய்கள் கூட்டம் கூட்டமாகக் கிடந்தன. தோலுக்கும் எண்ணெய்க்கும்தான் வந்திருந்தார்கள். கொன்று, உரித்து, கொழுப்பை உருக்கிப் பீப்பாய்களில் அடைத்தார்கள். அந்த நாற்றம் சட்டையில், ரொட்டியில், தூக்கத்தில்கூட ஏறியது.

ஒருநாள் ஈர மணலில் மனிதக் காலடிகளும் ஒட்டகத் தடங்களும் தெரிந்தன. முடிந்தால் யாரையாவது பிடித்துவரச் சொல்லி இளவரசர் என்ரிக்கின் உத்தரவு இருந்தது. தலைவர் நான்கு பேரை அனுப்பினார். அவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். தியோகுவுக்கு ஏனோ நெஞ்சு லேசானது. அந்தத் தடங்களில் ஒன்று அவன் கால் அளவே இருந்தது. இரண்டே வருடத்தில் வேறு கப்பல்கள் இந்தக் கரையில் ஆட்களைப் பிடித்தன. 1444இல் 235 பேரை லாகுஷ் கரையில் நிறுத்தி, தாயையும் பிள்ளையையும் பிரித்துப் பங்கு போட்டார்கள். திரும்பி வரத் தெரிந்த இதே பாய்தான் அவர்களையும் கொண்டுவந்தது. இந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லும்போது அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

சரக்கு நிறைந்ததும் நங்கூரம் ஏறியது. காற்று அதே வாடை, நேர் முகத்தில். பாயை இறுக்கி இழுத்தார்கள். பின்மூலையிலிருந்து வரும் தாமான் கயிற்றைத் தியோகு முளையில் சுற்றிக் கட்டினான். கப்பல் ஒருபக்கம் சாய்ந்து மேற்கு-வடமேற்காக ஓடியது.

"வீடு வடக்கே இருக்கு, நாம மேற்கே போறோம்" என்றான்.

"கொஞ்சம் வடக்கும் போறோம்ல? அந்தக் கொஞ்சத்தைத்தான் சேர்க்கணும்" என்றார் மத்தேவுஷ். "அந்த வெள்ளைப் பாறை தெரியுதா? அதைப் பார்த்து வச்சுக்க."

சிறிது தூரம் கடலுக்குள், அப்புறம் திருப்பிக் கரையை நோக்கி, மறுபடி கடலுக்குள். மாலையில் கரையை நெருங்கியபோது தியோகு அந்த வெள்ளைப் பாறையைத் தேடினான். காலையில் அணியத்துக்கு முன்னால் இருந்தது இப்போது பின்னால், தெற்கே இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தான். தோற்றமயக்கம் இல்லை. எதிர்க்காற்றில் அவர்கள் முன்னேறியிருந்தார்கள். கண் நம்பிவிட்டது, ஆனால் கைக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

கரவேலாவைத் திருப்புவது எளிய வேலை அல்ல. முதலில் கப்பலைக் காற்றுக்கு முதுகு காட்ட வைக்க வேண்டும். பருமலின் கீழ்முனையை இழுத்து, அதை மரத்தோடு ஒட்டி நெட்டாக நிறுத்த வேண்டும். தாமானை முழுதுமாக விட்டுவிட்டால் பாய் கப்பலுக்கு முன்னால் கொடியாகப் பறக்கும். அந்த இடைவெளியில் ஒருவன் கயிற்று நுனியோடு மரத்துக்கு முன்புறமாகச் சுற்றி ஓடி, மறுபக்கத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். அதுவரை பாய் யார் கையிலும் இருக்காது. வியானாவில் அப்பா சொல்லிக் கொடுத்த முதல் பாடமே, காற்றில் கயிற்றை விடாதே என்பதுதான். பகலில் நாலு பேர் சேர்ந்து செய்தபோது அவன் கயிற்றைச் சிறிது சிறிதாகத்தான் தளர்த்தினான். அதற்குத் திட்டும் வாங்கினான்.

மூன்றாம் இரவு நிலா இல்லை. பாலைவனத்துப் புழுதி கடல்மேல் மங்கலாகப் படிந்திருந்தது. கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். அணியத்தில் ஒருவன் ஈயக்குண்டைப் போட்டு ஆழம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"15 பாகம்!"

கொஞ்ச நேரம் கழித்து, "12 பாகம்!"

அடுத்த முறை குரல் மாறியது. "6 பாகம்! மணல்!"

அலை உடையும் இரைச்சல் இப்போது எல்லோர் காதிலும் விழுந்தது. "திருப்பு!" என்று தலைவர் கத்தினார். சுக்கான் விலகியது, அணியம் தெற்கே சுழலத் தொடங்கியது. பெரிய பாயின் தாமான் தியோகுவின் கையில்.

"விடுடா!"

விரல்கள் திறக்கவில்லை. பாய் காற்றை இன்னும் பிடித்திருந்ததால் கப்பல் பாதித் திருப்பத்தில் முரண்டு பிடித்து, இரைச்சல் வந்த பக்கமாகவே நகர்ந்தது. அப்பாவின் கப்பலும் இப்படித்தான் நகர்ந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

"தியோகு! அது போகாது, மரத்துலதான் இருக்கு! விடு!"

விட்டான்.

கயிறு முளையிலிருந்து உருவிக்கொண்டு பறந்தது. தலைக்குமேல் பாய் இடியாக அடித்தது. பாரம் நீங்கியதும் கப்பல் சட்டென்று சுழன்றது. அவன் கயிற்றின் கடைசி நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, நெட்டாக நின்ற பருமலுக்கு முன்னால் ஓடினான். கடல்நாய் எண்ணெய் சிந்திய தட்டில் வழுக்கி முட்டி தேய்ந்தது. எழுந்து மறுபக்கம் வந்தான். மத்தேவுஷ் அங்கே காத்திருந்தார். இன்னும் இருவர் வந்து சேர்ந்தார்கள். "இழு... இழு..." பாயின் மூலை பின்னால் வந்தது, நிறைந்தது. கப்பல் மறுபக்கம் சாய்ந்து கடலை நோக்கிப் பாய்ந்தது.

"6!" என்று குரல் வந்தது. அப்புறம் "9!" அப்புறம் குண்டு தரை தொடவில்லை.

யாரும் அவனைத் திட்டவில்லை. மத்தேவுஷ் அவன் மணிக்கட்டைப் பார்த்து, "இனிமே கையில சுத்தாத. கை போயிரும்" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு தலைவர் கரைப்பக்கம் திரும்பவே இல்லை. வடமேற்காகத் திறந்த கடலுக்குள் நாள்கணக்கில் ஓடவிட்டார். கரை மறைந்தது. வீட்டுக்குப் போக வீட்டிலிருந்து விலகிப் போகும் வழி அது. வடக்கே போகப் போகக் காற்று மாறும், மேற்குக்காற்று கிடைக்கும் என்று அசோர் தீவுகளின் பக்கம் ஓடியவர்கள் சொல்லியிருந்தார்கள். தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். ரொட்டியில் புழு. சிலர் முணுமுணுத்தார்கள், ஒருவன் அழுதான். தியோகுவும் பயந்தான். ஆனால் இப்போது அவனால் பாயைப் பார்க்க முடிந்தது. முன்னோரம் லேசாகப் படபடத்தால் காற்றுக்கு மிக நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். சுக்கான்காரனிடம் சொல்வான், படபடப்பு நிற்கும். இரவில் பார்க்க முடியாதபோது தாமானில் விரலை வைத்து அதன் நடுக்கத்தை அறிந்துகொண்டான்.

ஒரு காலையில் காற்று மேற்கே சுற்றியது. கப்பல் முதன்முறையாக வீட்டுப் பக்கம் திரும்பியது. மறுபடி பின்காற்று, மறுபடி அதே உருட்டல், ஆனால் இம்முறை யாரும் குறை சொல்லவில்லை. சாவோ விசெந்தே முனையின் பாறைச் சுவர் தெரிந்ததும் தட்டில் எல்லோரும் மண்டியிட்டார்கள்.

லாகுஷில் பீப்பாய்கள் இறங்கும்போதே மற்றவர்கள் மதுக்கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். தியோகு பெரிய பருமலை இறக்கச் சொல்லி நின்றான். அந்த இரவு அடித்த அடியில் இரண்டு துண்டையும் சேர்த்த கட்டு தளர்ந்திருந்ததை வழியிலேயே கவனித்திருந்தான்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்டா" என்றார் மத்தேவுஷ்.

"நீங்க போங்க ஐயா. எனக்குப் புதுக் கயிறு எங்க கிடைக்கும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

கிழவர் கொஞ்சம் நின்றார். பிறகு தானே போய்க் கயிற்றுச் சுருளை எடுத்துவந்து, பருமலின் மறுமுனையில் உட்கார்ந்து பழைய கட்டை அறுக்கத் தொடங்கினார்.